சிவப்புக் குண்டு வைத்த பவர் டில்லர்: ஒரு போட்டோவில் எவ்வளவு தெரியும்?

“அண்ணா, கோபி பக்கம் எங்க மாமா தோட்டத்துக் கொட்டகையில் நிற்கிற வண்டி இது. கம்பெனி பேர் அழிஞ்சு போச்சு. இது மினி டிராக்டரா, பவர் டில்லரா, என்ன மாடல்? மாமா 75,000 கொடுத்துட்டு எடுத்துக்கோன்னு சொல்றார், அது சரியான விலையா? டிரெய்லர், பார் போடுற கலப்பை, 5 கொத்துக் கலப்பை, தண்ணி பம்பு எல்லாம் இதுல மாட்டலாமா?”

தம்பி, இது பவர் டில்லர். சீன வடிவமைப்பில் வந்த 12 முதல் 15 ஹெச்.பி. வரையான வகை. வகையைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. எந்தக் கம்பெனி பெயரில் விற்றார்கள் என்பதை மட்டும் இந்தப் போட்டோவை வைத்துச் சொல்ல முடியாது. எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு வேறொரு வண்டியைப் பார்க்கும்போது உங்களுக்கே பயன்படும்.

நிறத்தை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. பத்து வருஷம் ஓடிய டில்லர் ஒரு முறையாவது பெயிண்ட் கடைக்குப் போய் வந்திருக்கும். அங்கே என்ன டப்பா இருந்ததோ அதைத்தான் அடித்திருப்பார்கள். ஸ்டிக்கரும் அப்படித்தான், எந்த ஸ்டிக்கரை வேண்டுமானாலும் எந்த வண்டியிலும் ஒட்டலாம். மாற்ற முடியாதது இரும்பு வார்ப்பு. அதனால் எஞ்சினின் உருவத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள் வண்டிக்கு இரண்டே சக்கரம், பின்னால் நீளக் கைப்பிடி, ஓட்டுபவர் நடந்து போகிற அமைப்பு. அதனால் மினி டிராக்டர் என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிட்டது. மினி டிராக்டருக்கு நாலு சக்கரமும் ஸ்டீயரிங்கும் இருக்கும், பின்னால் ஹைட்ராலிக் கைகள் இருக்கும். மஹிந்திரா யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 மாதிரி 15 ஹெச்.பி. வண்டிகளிலும் ஒற்றை சிலிண்டர்தான். அதை வைத்துப் பலர் குழம்புகிறார்கள். ஆனால் அவற்றின் எஞ்சின் டிராக்டர் போல நிமிர்ந்து நிற்கும். உங்கள் வண்டியில் சிலிண்டர் படுத்திருக்கிறது.

இப்போது படத்தைப் பெரிதாக்கி எஞ்சினின் மேல்பக்கத்தைப் பாருங்கள். டீசல் டேங்குக்குப் பக்கத்தில் பெட்டி மாதிரி ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதன் நடுவில் ஒரு கம்பியும், கம்பி நுனியில் ஒரு சிவப்புக் குண்டும் தெரிகிறதா? இந்த வண்டியின் முகவரியே அதுதான். தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. தண்ணீர் குறையக் குறைய அந்தக் குண்டு கீழே இறங்கும். இந்த எஞ்சின் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஆவியாக வெளியே அனுப்பித்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அதனால் தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கும், ஓட்டுபவர் குண்டைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எஸ்195 என்ற சீனப் படுக்கை எஞ்சினும் அதன் அண்ணன் தம்பிகளும் இப்படித்தான் இருக்கும்.

அந்தப் பெயரிலேயே அளவு இருக்கிறது. 1 என்பது ஒரு சிலிண்டர், 95 என்பது சிலிண்டரின் உள்விட்டம் மில்லிமீட்டரில். 95 மி.மீ. விட்டம், பிஸ்டன் போய்வரும் ஓட்டம் 115 மி.மீ., கணக்குப் போட்டால் 815 சி.சி. வரும். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் 12 ஹெச்.பி. இதே கணக்கில் எஸ்1100 என்றால் 100 மி.மீ. விட்டம், ஏறக்குறைய 15 ஹெச்.பி. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒரே ஜாடைதான். உங்கள் போட்டோவை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. எஞ்சின் உடம்பில் ஒரு சின்னத் தகடு ஆணியடித்து இருக்கும், அல்லது வார்ப்பிலேயே எண் புடைத்திருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து அதை ஒரு படம் எடுங்கள். அந்த ஒரு படம் மற்ற எல்லாப் படங்களையும்விட மதிப்புள்ளது.

அடுத்தது டயர். இடது டயரின் பக்கத்தில் 6.00-12 என்று எழுதியிருப்பது மங்கலாகத் தெரிகிறது. 12 அங்குல ரிம், மேலும் கீழும் ஆறு ஆறு அங்குல ரப்பர், ஆக 24 அங்குலம், கிட்டத்தட்ட 61 செ.மீ. உயரம். இது தெரிந்துவிட்டால் படத்துக்குள்ளேயே ஒரு அளவுகோல் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் படத்தை என் திரையில் வைத்து அளந்தேன். டயர் 5 செ.மீ. உயரம், பின்னால் மண்ணைக் கிளறும் சுழல் கத்தியான ரோட்டரியின் மூடி 5.5 செ.மீ. அகலம். நேராகக் கணக்குப் போட்டால் மூடி 67 செ.மீ. வருகிறது. ஆனால் படம் பின்பக்கத்திலிருந்து எடுத்தது, ரோட்டரி கேமராவுக்குக் கிட்டே இருக்கிறது, அதனால் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். அதைக் கழித்தால் 60 செ.மீ. ரோட்டரி. இந்த டயரும் இந்த ரோட்டரியும் 12 முதல் 15 ஹெச்.பி. வண்டிக்கு உரிய ஜோடி. 5, 7 ஹெச்.பி. களையெடுக்கும் வண்டிகளுக்கு 4.00-8 மாதிரி சின்ன டயர்தான் வரும். எஞ்சின் சொன்னதும் டயர் சொன்னதும் ஒத்துப்போகிறது, அதனால்தான் வகையைத் தைரியமாகச் சொன்னேன்.

நம் பக்கம் அதிகம் ஓடுவது இரண்டு வண்டிகள். பெங்களூர் வி.எஸ்.டி. சக்தி, இது மிட்சுபிஷி வழியில் வந்தது. கேரளத்து அத்தாணியில் செய்யும் காம்கோ, இது குபோட்டா வழியில் வந்தது. உங்கள் மாமாவுடையது இரண்டும் இல்லை. சீனாவிலிருந்து வந்த வண்டியைப் பலர் பல பெயரில் விற்றார்கள். பெயர் அழிந்துபோனதால் எஞ்சினுக்கு நஷ்டம் இல்லை. எஸ்195-க்கு பிஸ்டன், லைனர், வால்வு, நாசில் எல்லாம் டீசல் எஞ்சின் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும், விலையும் குறைவு. பயம் கியர் பெட்டியில்தான். ஒரு கம்பெனி கியர் இன்னொன்றில் உட்காராது. 2020 ஜூலையில் மத்திய அரசு பவர் டில்லர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் வைத்தது. முழு வண்டி மட்டுமில்லை, எஞ்சின், கியர் பெட்டி, சேசிஸ், ரோட்டரி ஆகிய பாகங்களும் அதில் அடக்கம். அதற்குப் பிறகு சில பெயர்களுக்கு கியர் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. ஆகவே மாமாவிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது, கடைசியாக கியர் பெட்டியைப் பிரித்தது எப்போது, அப்போது சாமான் எங்கே வாங்கினீர்கள் என்பதைத்தான். அந்தக் கடை இன்னும் இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

சரி, விலை. இதே ஹெச்.பி.யில் புது டில்லர் இப்போது சுமாராக 1.8 முதல் 2.4 லட்சம் ரூபாய் வரை சொல்கிறார்கள். மாடல், கூட வரும் கருவிகள், ஊர் இவற்றைப் பொறுத்து மாறும். 2025 செப்டம்பரில் டிராக்டருக்கும் பண்ணைக் கருவிகளுக்கும் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலை யாராவது காட்டினால் ஏற்காதீர்கள். பழைய சீன வகை வண்டி, ஓடுகிற நிலையில், ரோட்டரியோடு இருந்தால் 50,000 முதல் 80,000 வரை என்பது என் மதிப்பு. ஓட்டம் நன்றாக இருந்து பெயரும் தெரிந்தால் மேல்பக்கம், இல்லாவிட்டால் கீழ்ப்பக்கம்.

உங்கள் வண்டியை மாமா சொன்ன 75,000-லிருந்தே கழித்துப் பார்ப்போம். இரண்டு டயரிலும் பட்டை பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறது, சேற்றில் வழுக்கும். மாற்ற ஜோடிக்குச் சுமார் 10,000. ரோட்டரியின் பக்கப் பெட்டியில் தூசி கறுப்பாக ஒட்டி நிற்கிறது. காய்ந்த இடத்தில் தூசி இப்படி ஒட்டாது, ஆயில் கசிந்தால்தான் ஒட்டும். சீலும் பேரிங்கும் மாற்றக் கூலியோடு 4,000 வைத்துக்கொள்ளுங்கள். கத்திகள் நுனி மெலிந்து வளைந்து தெரிகின்றன, முழு செட் ஒரு 3,000. மொத்தம் 17,000. மிச்சம் 58,000. எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் அதுவே நியாயமான விலை. எஞ்சினை மராமத்து செய்ய வேண்டி வந்தால் இன்னும் 12,000 முதல் 15,000 கழியுங்கள். சொந்த மாமாவிடம் பேரம் பேசக் கூச்சமாக இருக்கும், தெரியும். இந்தச் சாமான் கணக்கை எழுதிக் காட்டுங்கள், அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

எஞ்சின் நல்லதா என்பதைப் போட்டோவில் பார்க்க முடியாது, நேரில் போக வேண்டும். காலையில், வண்டி ஆறிக் கிடக்கும்போது போங்கள். நீங்கள் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சூடான எஞ்சின் தன் குறையை மறைத்துவிடும். எஞ்சினின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் கைப்பிடியைத் தூக்காமல், ஸ்டார்ட் செய்யும் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஒரு இடத்தில் கையை நன்றாகத் தடுத்து, பின்னுக்குத் தள்ள வேண்டும். வழவழவென்று சுற்றினால் ரிங்கோ வால்வோ போயிருக்கிறது. அப்புறம் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஹெட் மூடியின் மேல் விரல் நுனி அளவில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும், ஆயில் அழுத்தம் வந்தவுடன் அது மேலே எழும்ப வேண்டும். எழும்பவில்லையென்றால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள், அப்படியே ஓட்டினால் பேரிங் பிடித்துக்கொள்ளும். கால் மணி நேரம் ஓடின பிறகும் புகை நீல நிறத்தில் வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம், மராமத்துக் கணக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி கருவிகள். இதில்தான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

5 கொத்துக் கலப்பை வேண்டாம். டிராக்டருக்கு உள்ள கலப்பையை மாட்ட மூன்று முனை இணைப்பும் தூக்கி இறக்க ஹைட்ராலிக்கும் வேண்டும். டில்லரில் இரண்டும் கிடையாது. வெல்டிங் பட்டறையில் ஏதாவது பிளேட் ஒட்டி மாட்டிவிடலாம் என்பார்கள். மாட்டினாலும் இழுக்காது. எஞ்சினுக்கு 12 ஹெச்.பி. இருந்தாலும், கலப்பையை இழுப்பது வண்டியின் எடை மண்ணில் பிடிக்கும் பிடிதான். ரோட்டரியைக் கழற்றிய பிறகு வண்டி 350 கிலோ இருந்தால், காய்ந்த மண்ணில் அதில் பாதி அளவுக்கு, அதாவது 175 கிலோ வரை இழுக்கலாம். இப்போது 20 செ.மீ. அகலத்தில் 12 செ.மீ. ஆழம் போகிற ஒற்றை இறக்கைக் கலப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். 240 சதுர செ.மீ. மண்ணை அது வெட்டுகிறது. சதுர செ.மீ.க்கு அரைக் கிலோ தடை என்று வைத்தால் 120 கிலோ. இழுத்துவிடும். கரிசலோ இறுகிய களியோ ஆனால் தடை முக்கால் கிலோ வரை போகும், 180 கிலோ வேண்டும், சக்கரம் அங்கேயே சுற்றும். ஒற்றைக் கலப்பைக்கே இந்த நிலைமை என்றால் ஐந்து கொத்தை எப்படி இழுக்கும்? ரோட்டரி மட்டும் இந்த வண்டிக்குச் சுலபமாக இருப்பதற்குக் காரணம், சுழலும் கத்தி மண்ணைப் பின்னால் தள்ளும்போது வண்டியை முன்னால் தள்ளுகிறது. இழுக்க வேண்டிய வேலையே அதற்கு இல்லை.

பார் போடும் கலப்பை மாட்டலாம், ஆனால் வரிசை முக்கியம். முதலில் ரோட்டரி ஓட்டி மண்ணைப் பொலபொலவென்று ஆக்கிக்கொள்ள வேண்டும், பிறகு ரோட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கலப்பையை மாட்ட வேண்டும். ரோட்டரியைக் கழற்றுவது ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை, இரண்டு பேர் தேவை. மஞ்சளுக்குப் பார் பிடிக்க இது நன்றாக உதவும். உழாத இறுகிய நிலத்தில் நேராக விட்டால் கலப்பை மேலே மேலே வந்துவிடும். கரும்புக்குள் களையெடுக்க நினைத்தால், 60 செ.மீ. ரோட்டரியும் வெளியே நீட்டும் டயரும் சேர்த்துப் போக 4 அடி வரிசை இருந்தால்தான் நிம்மதி. கரும்பு முழங்கால் உயரம் தாண்டிவிட்டால் உள்ளே போகாதீர்கள்.

நெல்லுக்கு கேஜ் வீல் கண்டிப்பாக வாங்குங்கள். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் சேற்று உழவுக்கு ரப்பர் டயர், அதுவும் தேய்ந்த டயர், உதவாது. இரும்புச் சக்கரத்தை மாட்டினால் புதையாமல் மிதந்து போகும், சேற்றையும் கலக்கும். மாமாவிடம் பழைய கேஜ் வீல் கொட்டகையில் கிடக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் கிடக்கும், அதையும் விலைக்குள்ளேயே சேர்த்து வாங்கிவிடுங்கள். அதைப் போட்டுக்கொண்டு தார் ரோட்டில் மட்டும் ஏறாதீர்கள்.

டிரெய்லர் மாட்டலாம், ஒரு டன் வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை டன் என்று விற்பவர்கள் சொல்வது சமதளத்துக்கு. டிரெய்லரில் பிரேக் இருக்க வேண்டும், அது வேலை செய்ய வேண்டும். இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. டில்லரில் வலது கைப்பிடிக்குக் கீழே ஒரு கிளட்ச், இடதுக்குக் கீழே ஒரு கிளட்ச். சமதளத்தில் வலது கிளட்சைப் பிடித்தால் வலது சக்கரத்துக்கு இழுப்பு நின்றுவிடும், இடது சக்கரம் மட்டும் தள்ளும், வண்டி வலது பக்கம் திரும்பும். சுமையோடு இறக்கத்தில் இறங்கும்போது இது தலைகீழ். அப்போது எஞ்சின்தான் இரண்டு சக்கரத்தையும் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. வலது கிளட்சைப் பிடித்தால் வலது சக்கரம் விடுபட்டு உருண்டு ஓடும், இடது சக்கரம் பிடியிலேயே இருக்கும், வண்டி இடது பக்கம் பாயும்.

நான் டில்லர் பிடித்த இரண்டாவது வருஷம், வாய்க்கால் கரையிலிருந்து செங்கல் ஏற்றி இறங்கினேன். இடது பக்கம் வாய்க்கால். வலது பக்கம் ஒதுங்க வலது கிளட்சைப் பிடித்தேன், வண்டி நேராக வாய்க்காலைப் பார்த்துத் திரும்பியது. கரையில் ஒரு பூவரச மரம் தடுத்ததால் இன்றைக்கு இதை எழுதுகிறேன். இறக்கத்தில் முதல் கியரில் போங்கள், நியூட்ரலில் விடவே விடாதீர்கள், பக்கக் கிளட்சைத் தொடாமல் கைப்பிடியை உடம்பால் தள்ளித் திருப்புங்கள். வண்டி வாங்கினால், வெறும் டிரெய்லரை மாட்டி ஒரு சின்ன இறக்கத்தில் இதை மாமாவை வைத்துப் பழகிவிட்டுப் பிறகு சுமை ஏற்றுங்கள்.

கடைசியாகத் தண்ணீர் பம்பு. மாட்டலாம். டிராக்டரில் இருப்பது போல, கருவிகளுக்குச் சுழற்சி கொடுக்கும் 540 சுற்று பி.டி.ஓ. தண்டு இதில் கிடையாது, அதனால் அந்தத் தண்டில் ஓடும் பம்பு, ஸ்பிரேயர் எதையும் வாங்காதீர்கள். இதில் எஞ்சின் பக்கத்துப் புல்லியிலிருந்து பெல்ட் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். எஞ்சின் 2,000 சுற்று ஓடுகிறது, பம்பு பெரும்பாலும் 1,500 சுற்று கேட்கும். எஞ்சின் புல்லி 6 அங்குலம் என்றால் பம்புக்கு 6 பெருக்கல் 2,000 வகுத்தல் 1,500, அதாவது 8 அங்குலப் புல்லி. சின்னப் புல்லி போட்டால் பம்பு வேகமாக ஓடித் தண்ணீர் அதிகம் கொட்டுவது போலத் தெரியும், எஞ்சின் மூச்சுத் திணறிக் கறுப்புப் புகை விடும். பம்பு ஓடும்போது எஞ்சின் நிற்காமல் சுமையில் ஓடும், தொட்டித் தண்ணீர் வேகமாகத் தீரும். அந்தச் சிவப்புக் குண்டின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

எஞ்சின் தகடு, ரோட்டரிப் பக்கப் பெட்டி, எஞ்சின் புல்லி, டிரெய்லர் கொக்கி மாட்டும் இடம், இந்த நாலையும் கிட்டே போய்ப் படம் எடுத்து அனுப்புங்கள். புல்லிக்குப் பக்கத்தில் ஒரு அடி ஸ்கேலையும் பிடித்துக்கொண்டு எடுத்தால், பம்புக்கு என்ன அளவு புல்லி கடைய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.